அடுக்குவாரி ஒதுக்கீட்டை முழு எண்ணாக்கும்போது மொத்தம் 30 ஆகவே நிற்க வேண்டும்: ஒரு மாதிரியை எந்த அடுக்குக்குக் கொடுப்பது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே கடற்கரை வரை பரவியுள்ள 1880 சம்பா வயல்களின் சராசரி விளைச்சலை மதிப்பிடும் பணி எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதிரி வயலிலும் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். தை அறுவடை தொடங்கிவிட்டால் ஆள் கிடைப்பது கடினம் என்பதால் மொத்தம் 30 வயல்கள் என்று முடிவாகிவிட்டது. அதைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

வயல்களைப் பாசன நிலையை வைத்து ஐந்து அடுக்குகளாகப் பிரித்து, சென்ற ஆண்டு எடைகளிலிருந்து திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டு, நெய்மன் ஒதுக்கீட்டைப் போட்டேன். கிடைத்தவை இவை:

| அடுக்கு | வயல்கள் | திட்டவிலக்கம் (கிலோ) | ஒதுக்கீடு |
|---|---|---|---|
| தலைமடை | 730 | 1.30 | 9.49 |
| நடுமடை | 540 | 1.50 | 8.10 |
| கடைமடை | 350 | 2.40 | 8.40 |
| ஆழ்துளைக் கிணறு | 160 | 0.90 | 1.44 |
| கடலோர உவர் நிலம் | 100 | 2.57 | 2.57 |

பின்னங்களாகக் கூட்டினால் சரியாக 30 வருகிறது. கணினியில் `ROUND` போட்டால் 9, 8, 8, 1, 3 என்று ஆகி, மொத்தம் 29தான் தேறுகிறது. மேல்நோக்கி முழுமையாக்கினால் 33 ஆகிவிடுகிறது. மீந்த அந்த ஒரு வயலை எந்த அடுக்குக்குக் கொடுத்தால் மதிப்பீட்டின் விலக்க வர்க்கச் சராசரி மிகக் குறைவாக இருக்கும் என்பதே என் கேள்வி. இனி அதைச் சுருக்கமாக மாறுபாடு என்றே எழுதுகிறேன்.

தாளடி எழுதியது:

இதற்குத் தெளிவான வழி இருக்கிறது. எல்லாவற்றையும் முதலில் கீழ்நோக்கி முழுமையாக்குங்கள்; 9, 8, 8, 1, 2 என்று 28 வரும். மீந்த இரண்டையும் பின்னப் பகுதி பெரிதாக உள்ள அடுக்குகளுக்கு வரிசையாகக் கொடுங்கள். உவர் நிலத்தின் பின்னம் 0.57, தலைமடையின் பின்னம் 0.49. ஆகவே 10, 8, 8, 1, 3. மொத்தம் 30. எந்த அடுக்கும் தன் பங்கிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகவில்லை என்பதால் மாறுபாடும் இதில்தான் குறைவாக இருக்கும்.

கடைமடைக்காரர் எழுதியது:

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் செய்பவன். பல ஆண்டுகள் அறுவடைச் சோதனைகளுக்கு உடன் சென்றிருக்கிறேன். எனக்கு இந்தப் பட்டியலே புரியவில்லை. தலைமடையில் 730 வயல்கள், கடைமடையில் 350 வயல்கள், ஏறக்குறைய பாதி. அப்படியிருக்க, இரண்டு இடத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை ஏன்? வயல் கணக்கில் பங்கிட்டால் தலைமடைக்கு 11 அல்லது 12 வர வேண்டாமா? எங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பதில் வருத்தமில்லை, ஆனால் கணக்கு சரியா என்று பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, வயல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பங்கிட்டால் நீங்கள் சொல்வது சரிதான். தலைமடையில் தண்ணீர் முறையாக வருவதால் வயலுக்கு வயல் எடை அதிகம் வேறுபடுவதில்லை. சில வயல்களைப் பார்த்தாலே போதும். கடைமடையில் ஒரு வயல் மூழ்கியிருக்கும், அடுத்த வயல் தப்பியிருக்கும். அதனால் வயல் எண்ணிக்கையைத் திட்டவிலக்கத்தால் பெருக்கி, அந்தப் பெருக்கத்தின் விகிதத்தில் பங்கிட்டிருக்கிறேன். 730 × 1.30 = 949; 350 × 2.40 = 840. அதனால்தான் இரண்டும் நெருங்கி வருகின்றன.

அளவைக்கோல் எழுதியது:

தாளடி சொன்ன வழியில் மொத்தம் காப்பாற்றப்படுகிறது. மாறுபாடு குறைவாக இருக்கும் என்ற முடிவு மட்டும் அதிலிருந்து வராது. பின்னப் பகுதியை மட்டும் பார்க்கும்போது, 1.44ஐ 1 ஆக்குவதும் 9.44ஐ 9 ஆக்குவதும் ஒரே அளவு இழப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில், ஒரே ஒரு வயலை வைத்திருக்கும் அடுக்குக்கு இரண்டாவது வயல் கிடைத்தால் அந்த அடுக்கின் பங்களிப்பு பாதியாகக் குறைகிறது. ஒன்பது வயல் உள்ள அடுக்குக்குப் பத்தாவது கிடைத்தால் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது.

ஓர் அடுக்கின் வயல் எண்ணிக்கையை N_h, திட்டவிலக்கத்தை S_h, அதற்குக் கொடுக்கும் மாதிரி எண்ணிக்கையை n_h என்று குறிப்போம். மொத்த விளைச்சல் மதிப்பீட்டின் மாறுபாட்டில் நம் ஒதுக்கீட்டைச் சார்ந்த பகுதி, ஒவ்வொரு அடுக்கின் N_h²S_h²ஐ n_hஆல் வகுத்துக் கூட்டியதுதான். மற்றொரு பகுதி ΣN_hS_h². அது எப்படி ஒதுக்கினாலும் மாறாது, ஆகவே இப்போதைக்கு அதை ஒதுக்கிவைக்கலாம். கையால் போட்டுப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: பின்ன ஒதுக்கீட்டின் வர்க்கத்தை நீங்கள் கொடுக்கப்போகும் முழு எண்ணால் வகுத்து, ஐந்து அடுக்குக்கும் கூட்டுங்கள். பின்னத்திலேயே நிறுத்தினால் அந்தக் கூட்டுத்தொகை சரியாக 30 வரும். முழு எண்ணாக்கிய பின் 30க்கு மேல் எவ்வளவு போகிறதோ, அதுவே முழு எண்ணாக்கியதற்கு நாம் கொடுத்த விலை.

ஓர் அடுக்கில் k வயல் இருக்கும்போது இன்னொன்றைக் கொடுத்தால், இந்தக் கூட்டுத்தொகை பின்ன ஒதுக்கீட்டின் வர்க்கத்தை k(k+1)ஆல் வகுத்த அளவு குறையும். 9, 8, 8, 1, 2 என்ற இடத்தில் நின்று இதைக் கணக்கிடுங்கள். உவர் நிலத்துக்கு 6.6049 ÷ 6, அதாவது 1.101. ஆழ்துளைக் கிணற்றுக்கு 2.0736 ÷ 2, அதாவது 1.037. தலைமடைக்கு 90.0601 ÷ 90, அதாவது 1.001. கடைமடைக்கு 0.98, நடுமடைக்கு 0.91. ஆகவே மீந்த இரண்டில் முதலாவது உவர் நிலத்துக்கும், இரண்டாவது ஆழ்துளைக் கிணற்றுக்கும் போக வேண்டும். பின்னப் பகுதி 0.49 இருந்தும் தலைமடைக்குக் கிடைக்காது. விடை 9, 8, 8, 2, 3.

இதே சூத்திரம் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிட 1941 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே மக்கள்தொகை இருக்கும் இடத்தில் இங்கே N_hS_h இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே கணக்கு என்பதை டாமி ரைட் என்ற புள்ளியியலாளர் 2012இல் எழுதிக் காட்டினார். நெய்மன் தம் கட்டுரையை வெளியிட்டது 1934இல் என்பதை எண்ணும்போது, இவ்வளவு காலம் இந்த இரண்டும் தனித்தனியாகவே நடந்து வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

தாளடி எழுதியது:

நீங்கள் காட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு ஒதுக்கீட்டுக்கும் முழுக் கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்த்தேன். என்னுடையது 30.302, உங்களுடையது 30.266. வேறுபாடு நூற்றுக்கு 0.12 மட்டுமே. சராசரி விளைச்சலின் திட்டப்பிழை இரண்டிலும் ஒரு வயலுக்கு 0.29 கிலோதான். இந்த அளவுக்காக ஒரு புதிய முறையைக் களப்பணியாளர்களுக்கு விளக்க வேண்டுமா?

இன்னொன்று. உங்கள் முறையும் கடைசியில் என்னுடையதைப் போலவே கீழ்நோக்கி முழுமையாக்கித் தொடங்குகிறது. மீந்ததைக் கொடுக்கும் விதி மட்டுமே வேறு.

அளவைக்கோல் எழுதியது:

0.12 விழுக்காடு என்பது சரி. அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. உங்கள் ஒதுக்கீட்டில் ஆழ்துளைக் கிணற்று அடுக்கில் ஒரே ஒரு வயல் இருக்கிறது. ஒற்றை வயலின் எடையை வைத்து அந்த அடுக்குக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று கணிக்க வழியே இல்லை. திட்டப்பிழையை வெளியிடும் நேரத்தில் மென்பொருள் அந்த அடுக்கில் வந்து நின்றுவிடும். சிலர் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளில் அமைத்துவிடுகிறார்கள். அப்போது வெளிவரும் திட்டப்பிழை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், யாருக்கும் ஐயமும் எழாது.

கீழ்நோக்கித் தொடங்குவது பற்றி: இந்த ஐந்து எண்களுக்கு அது சரியான விடையைத் தந்தது, எப்போதும் தராது. ஒரு பெரிய அடுக்கின் பின்ன ஒதுக்கீடு 85.5 என்றும், பத்துச் சிறிய அடுக்குகளுக்குத் தலா 1.45 என்றும் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 100. கீழ்நோக்கித் தொடங்கினால் பெரியதற்கு 85, சிறியவற்றுக்குத் தலா 1; மீந்த ஐந்தும் ஐந்து சிறிய அடுக்குகளுக்குப் போகும். பெரியதன் 85 அப்படியே நிற்கும். ஆனால் பெரியதிலிருந்து இரண்டைப் பிடுங்கி 83 ஆக்கினால் இழப்பு 2.07, அந்த இரண்டை இன்னும் இரண்டு சிறிய அடுக்குகளுக்குக் கொடுத்தால் ஆதாயம் 2.10. ஆகவே மிகச் சிறந்த ஒதுக்கீட்டில் பெரிய அடுக்கு 83இல் நிற்கிறது. அதன் பின்னப் பங்கு 85.5 ஆக இருந்தும், 85க்கும் 86க்கும் வெளியே விடை விழுகிறது. அதனால் கீழ்நோக்கிய எண்களில் தொடங்காமல், ஒவ்வொரு அடுக்குக்கும் கட்டாயம் கொடுக்க வேண்டிய குறைந்த எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒவ்வொரு கூடுதல் வயலின் ஆதாயமும் அதற்கு முந்தையதைவிடக் குறைவு என்பதால், இப்படி ஏறினால் தவறான இடத்தில் சிக்கிக்கொள்ள மாட்டோம்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் குறைந்தது இரண்டு என்று வைத்துத் தொடங்கலாமா? அதனால் மாறுபாடு கூடுமா? இதைக் கணினியில் எப்படி எழுதுவது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். அடுத்த பருவத்தில் அடுக்குகள் மிகுதியாக வரக்கூடும்.

அளவைக்கோல் எழுதியது:

உங்கள் கணக்கில் குறைந்தது இரண்டு என்ற நிபந்தனைக்கு எந்த விலையும் இல்லை. நிபந்தனை இல்லாமலே விடை 9, 8, 8, 2, 3தான். மேலே சொன்ன பத்துச் சிறிய அடுக்குக் கணக்கில் பெரியது 80 ஆக இறங்கும். அதன் விலை 100இல் 0.15. திட்டப்பிழையை நேர்மையாகச் சொல்வதற்கு அது மலிவான விலை என்பது என் கருத்து.

```python
import heapq

def pangidu(a, N, n, kurai=2):
    m = [min(kurai, x) for x in N]
    h = [(-a[i]**2 / (m[i]*(m[i]+1)), i)
         for i in range(len(a)) if m[i] < N[i]]
    heapq.heapify(h)
    for _ in range(n - sum(m)):
        i = heapq.heappop(h)[1]
        m[i] += 1
        if m[i] < N[i]:
            heapq.heappush(h, (-a[i]**2 / (m[i]*(m[i]+1)), i))
    return m

print(pangidu([949, 810, 840, 144, 257],
              [730, 540, 350, 160, 100], 30))
```

`a` என்பது N_hS_h பெருக்கங்கள். ஓர் அடுக்கில் உள்ள எல்லா வயல்களும் மாதிரியில் வந்துவிட்டால் அந்த அடுக்கு வரிசையிலிருந்து தானே விலகிவிடும். அடுக்குக்கு இரண்டு என்று கொடுத்ததிலேயே மொத்தம் தாண்டிவிட்டால் நிரல் எச்சரிக்காது. தாண்டிய எண்ணிக்கையையே திருப்பித் தரும். ஓடியதும் கூட்டிப் பார்ப்பது நல்லது.

முழு எண்ணாக்கிய பிறகு பலரும் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எடையிடும்போது அடுக்கின் வயல் எண்ணிக்கையை, உண்மையில் அறுத்த முழு எண்ணால் வகுக்க வேண்டும். பழைய பின்னத்தால் வகுக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று வயல் ஒவ்வொன்றுக்கும் எடை 160 ÷ 2 = 80. பின்னத்தால் வகுத்தால் 160 ÷ 1.44 = 111; இரண்டு வயலும் சேர்ந்து 222 வயல்களாக நின்றுவிடும், இருப்பது 160தான். கண்டுபிடிக்க எளிய வழி, 30 எடைகளையும் கூட்டுவது. சரியாக 1880 வர வேண்டும். பின்னத்தால் வகுத்திருந்தால் ஏறக்குறைய 1898 வரும்.

உப்பனாறு எழுதியது:

என் நிலைமை வேறு; இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் ஆய்வில் 40 சிற்றூர்கள், ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. மொத்த மாதிரி 60 வீடுகள். குறைந்தது இரண்டு என்று வைத்தால் 80 வேண்டும். கையில் 60தான் இருக்கிறது. முன்பு ஒருமுறை பெரிய பின்ன முறையில் பங்கிட்டோம். பிறகு இரண்டு வீடுகளுக்குக் கூடுதலாகப் பணம் கிடைத்து 62க்கு மறுபடி பங்கிட்டபோது, ஏற்கெனவே தேர்ந்தெடுத்து நேர்காணலும் முடித்துவிட்ட ஒரு சிற்றூருக்கு ஒன்று குறைந்துவிட்டது. மாதிரியைக் கூட்டும்போது ஒரு சிற்றூருக்குக் குறைவது எப்படி என்று எங்களுக்கு அப்போது விளங்கவே இல்லை.

அளவைக்கோல் எழுதியது:

அது அந்த முறையின் இயல்பான குறை, அம்மா. உங்கள் கணக்குப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின், அமெரிக்க அவையில் 299 இடங்கள் என்றால் அலபாமாவுக்கு 8, 300 இடங்கள் என்றால் 7 என்று இதே முறை காட்டியது. இடம் ஒன்று கூடியதும் எல்லாப் பங்குகளும் சற்று வளர்கின்றன. பெரிய மாநிலங்களின் பின்னங்கள் விரைவாக வளர்ந்து சிறியதன் பின்னத்தை முந்திவிடுகின்றன. ஒவ்வொன்றாக ஏறும் முறையில் இது நடக்கவே முடியாது. 61ஆவது வீடு ஏற்கெனவே கொடுத்த 60க்கு மேல்தான் சேரும்.

உங்கள் 40 அடுக்குகளைப் பற்றி: 60 வீடுகளை வைத்துக்கொண்டு 40 அடுக்குகளைத் தாங்க முடியாது. ஒத்த தன்மையுள்ள சிற்றூர்களை இணைத்து 20 அல்லது 25 அடுக்குகளாக்கிவிடுங்கள். இணைப்பதை மாதிரி எடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். தரவு வந்த பின், எந்த இணைப்பில் திட்டப்பிழை சிறிதாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் திட்டப்பிழையை நம்ப முடியாது.

தாளடி எழுதியது:

இந்த இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இணைத்தால் சிற்றூர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பை இழக்கிறோம். அதற்குப் பதிலாக, 1.44 பங்குள்ள அடுக்குக்கு நூற்றுக்கு 44 வாய்ப்பில் இரண்டும், 56 வாய்ப்பில் ஒன்றும் விழும்படி குலுக்கலாம். பின்னங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய் ஒரே ஒரு தற்செயல் எண்ணை வைத்துக் குலுக்கினால் மொத்தமும் 60இல் நிற்கும். சராசரியில் ஒவ்வோர் அடுக்கும் தன் பங்கைச் சரியாகப் பெறும்.

அளவைக்கோல் எழுதியது:

சராசரியில் பெறும் என்பது உண்மை. ஆனால் நமக்கு ஒரே ஒரு குலுக்கல்தான். அதில் ஒன்று விழுந்த அடுக்குக்கு மாறுபாட்டைக் கணிக்கும் சிக்கல் அப்படியே இருக்கிறது. இணைப்பதில் இழப்பு உண்டு என்று நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டிருந்தால், அடுக்குக்கு ஒன்று என எடுத்துவிட்டு, கணிப்பில் மட்டும் இரண்டிரண்டாகச் சேர்ப்பதும் வழக்கத்தில் உள்ளதே. அது திட்டப்பிழையைச் சற்று மிகையாகக் காட்டும். இதில் எது மேல் என்பது உப்பனாறு அவர்களின் தரவைப் பார்க்காமல் சொல்லக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைமடைக்காரர் எழுதியது:

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் களத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். திட்டவிலக்கம் 2.40 என்பது சென்ற ஆண்டு எடைகளிலிருந்து வந்தது என்றீர்கள். சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அளவோடு பெய்து வடிந்துவிட்டது. இந்த ஆண்டு கதிர் வரும் நேரத்தில் வடிகால் நிரம்பி, பல வயல்களில் நான்கைந்து நாள் தண்ணீர் நின்றது. இந்த ஆண்டும் 2.40தான் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

அளவைக்கோல் எழுதியது:

இந்த இழையில் கேட்கப்பட்டவற்றில் மிகப் பயனுள்ள கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு கடைமடையின் உண்மையான திட்டவிலக்கம் 3.20 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். அப்போது குறைந்தது இரண்டு என்ற நிபந்தனையோடு சரியான ஒதுக்கீடு 9, 7, 10, 2, 2. நாம் 9, 8, 8, 2, 3 என்றே அறுத்திருந்தால் மாறுபாட்டில் ஏறக்குறைய 2.4 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்திருப்போம். தாளடியும் நானும் வாதிட்ட முழு எண்ணாக்கலின் 0.12 விழுக்காட்டைப் போல இது இருபது மடங்கு.

எனவே வெண்ணாற்றங்கரை அவர்களே, அறுவடைக்கு முன் கடைமடையிலும் உவர் நிலத்திலும் கண்ணால் பார்த்தாவது எத்தனை வயல்களில் தண்ணீர் நின்றது என்று கணக்கெடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கியவை, மூழ்காதவை எனக் கடைமடையை இரண்டாகப் பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்படிப் பிரித்தால் அடுக்குகள் ஆறாகும். நிரலில் இரண்டு பட்டியலிலும் கடைமடையின் எண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பகுதிகளின் எண்களைப் போட்டால் போதும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கடைமடைக்காரர் ஐயா, உங்கள் பகுதியில் தண்ணீர் நின்ற வாய்க்கால்களின் பெயர்களைத் தனிச் செய்தியில் அனுப்ப முடியுமா? எங்களிடம் உள்ள 350 வயல்களின் பட்டியலில் வாய்க்கால் பெயர் இருக்கிறது. அதை வைத்து இரண்டாகப் பிரித்துவிடலாம். மூழ்கிய பகுதிக்கு எந்தத் திட்டவிலக்கத்தை எடுப்பது என்பதுதான் இன்னும் புரியவில்லை. அங்கே முதலில் இரண்டு வயல்களை அறுத்து, எடையைப் பார்த்துவிட்டு மீதியைப் பங்கிடலாமா என்று யோசிக்கிறேன்.

அளவைக்கோல் எழுதியது:

இரண்டு வயலில் கிடைக்கும் திட்டவிலக்கத்தை நம்பி ஒதுக்கினால், அந்த இரண்டும் தற்செயலாக ஒத்திருந்தபோது மூழ்கிய பகுதிக்கே மிகக் குறைவாகப் போய்விடும். குறைந்தது ஐந்து வயல்களையாவது அறுங்கள். பிரித்த பிறகு மூழ்கிய பகுதியில் எத்தனை வயல்கள் வருகின்றன என்பதை எழுதுங்கள்; மீதி 25ஐ எப்படிப் பங்கிடுவது என்று அதன் பிறகு சேர்ந்து பார்க்கலாம்.